நோட்டுப்புத்தகம்தான் ஜாமீன்: 6,600 ரூபாய் வைத்திருக்கும் மகளிர் குழுவுக்கு வங்கி எப்படி ஒன்றரை லட்சம் கடன் தருகிறது?

நீங்கள் பெர்சனல் லோன் கேட்டால் வங்கி முதலில் பார்ப்பது சம்பள ஸ்லிப்பையும் சிபில் ஸ்கோரையும்தான். பீகார் கிராமம் ஒன்றில் வாரம் ஆளுக்கு 20 ரூபாய் சேமிக்கும் 12 பெண்களிடம் அது இரண்டும் இருக்காது. ஆனாலும் ஆறு மாதம் கழித்து அவர்கள் ஒன்றாகப் போய்க் கேட்டால், அடமானம் இல்லாமல் ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கடன் பெற விதியில் இடம் இருக்கிறது. வங்கி எதை நம்பிக் கொடுக்கிறது? பெரும்பாலும், அவர்கள் எழுதி வைத்திருக்கும் சில நோட்டுகளை. அது எப்படி என்று ஒரு கற்பனைக் குழுவின் கணக்கை வைத்துப் பார்ப்போம்.

கணக்கு தொடங்க என்ன வேண்டும்?

சுய உதவிக் குழுவைப் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. பொதுவாக 10 முதல் 20 பெண்கள் சேர்ந்து, ஒரு பெயர் வைத்து, 'இந்த வங்கியில் சேமிப்புக் கணக்கு தொடங்குகிறோம், இந்த மூன்று பேர் கையெழுத்துப் போடுவார்கள்' என்று தீர்மானம் எழுதி, எல்லோரும் கையெழுத்திட்டால் போதும். அந்தத் தீர்மானத்தின் நகல், குழுவின் விதிமுறை, பொறுப்பாளர்களின் போட்டோ, கேஒய்சி ஆவணங்கள் ஆகியவற்றோடு வங்கிக்குப் போகலாம்.

இந்தக் கட்டத்தில் 12 பேரின் கேஒய்சியும் தேவையில்லை, பொறுப்பாளர்களுடையது போதும் என்கிறது ரிசர்வ் வங்கி விதி. மற்றவர்களுடைய ஆவணங்களைக் கடன் வாங்கும்போது கேட்கலாம். உங்கள் அம்மாவின் குழுவை 'எல்லார் ஆதாரையும் கொண்டு வாங்க' என்று கிளையில் திருப்பி அனுப்பினால், இந்த விதியைச் சொல்லிக் கேளுங்கள்.

யாருக்கு என்ன வேலை?

தலைவி கூட்டத்தை நடத்துகிறார். செயலாளர் தீர்மானத்தையும் வருகையையும் பார்த்துக்கொள்கிறார். பொருளாளர் கையில் ரொக்கம் இருக்கிறது. வங்கியில் பணம் எடுக்க மூவரில் இருவர் கையெழுத்துப் போட வேண்டும் என்று வைத்துக்கொள்வது வழக்கம். பல ஊர்களில் பணப்பெட்டி ஒருவர் வீட்டிலும் சாவி இன்னொருவர் வீட்டிலும் இருக்கும். காரணம் அதேதான்: யாரும் தனியாகப் பணத்தைத் தொட முடியக் கூடாது.

கணக்கு எழுதுபவர் இந்த மூவரில் ஒருவராக இருக்க வேண்டும் என்பதில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த வேறொரு பெண்ணுக்குச் சிறு தொகை கொடுத்து எழுத வைக்கும் குழுக்கள் நிறைய உண்டு. பொறுப்பாளர்களை மாற்றும்போது புதிய தீர்மானத்தையும் புதியவர்களின் கேஒய்சியையும் உடனே வங்கியில் கொடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பழைய பொறுப்பாளர் கல்யாணமாகி வெளியூர் போன பிறகும், பணம் எடுக்க அவர் கையெழுத்துக்காகக் காத்திருக்க வேண்டியதுதான்.

நோட்டுகள் என்ன சொல்லும்?

தீர்மான நோட்டு, சேமிப்பு லெட்ஜர், கடன் லெட்ஜர், ரொக்கப் புத்தகம், ஒவ்வொருவர் கையிலும் ஒரு தனி பாஸ்புக். முக்கியமானவை இவ்வளவுதான்.

நம் குழுவில் 12 பேர், வாரம் 20 ரூபாய், 26 வாரம். சேமிப்பு 6,240 ரூபாய். அதையே உறுப்பினர்களுக்குள் கடனாகக் கொடுத்து வாங்கியதில் வட்டி 360 ரூபாய். மொத்தம் 6,600. இது குழுவின் மூலநிதி. இந்தப் பணம் இப்போது எங்கே இருக்கிறது? உறுப்பினர்களிடம் கடனாக 4,500, வங்கியில் 1,800, பெட்டியில் 300. கூட்டினால் அதே 6,600 வருகிறது. கணக்கு சரி.

ஒரு மாதம் கடன் லெட்ஜரில் பாக்கி 4,000 என்று குறைந்திருக்கிறது, ஆனால் வங்கியிலும் பெட்டியிலும் எதுவும் கூடவில்லை என்றால், கூட்டுத்தொகை 6,100 ஆகிவிடும். யாரோ 500 ரூபாய் திருப்பிக் கட்டியிருக்கிறார், அது பெட்டிக்கு வந்து சேரவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் இந்தக் கூட்டலைச் சத்தமாக வாசித்தால் அன்றே தெரிந்துவிடும். வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால், யார் கட்டிய பணம் என்பதே யாருக்கும் நினைவிருக்காது.

ஒன்றரை லட்சம் எப்படி வந்தது?

தேசிய ஊரக வாழ்வாதார இயக்கத்தின் கீழ் முதல் கடனுக்கான அளவு, மூலநிதியைப் போல 6 மடங்கு அல்லது குறைந்தபட்சம் 1.5 லட்சம், இதில் எது அதிகமோ அது. நம் குழுவுக்கு 6 மடங்கு என்றால் 39,600 தான் வரும். அதனால் 1.5 லட்சம் பொருந்துகிறது. இரண்டாவது கடன் 8 மடங்கு அல்லது 3 லட்சம்.

ஆக, முதல் கடனின் அளவைச் சேமிப்பு பெரிதாகத் தீர்மானிப்பதில்லை. தகுதியைத் தீர்மானிப்பது 'பஞ்ச சூத்திரம்' எனப்படும் ஐந்து பழக்கங்கள்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், நேரத்துக்குத் திருப்பிக் கட்டுவது, அன்றன்றைக்கு எழுதிய கணக்கு. ஐந்தையும் காட்டுவது நோட்டுகள்தான். ஆறு மாத அனுபவமும் குழுவின் புத்தகத்தில் உள்ள தேதியிலிருந்தே எண்ணப்படும், வங்கிக் கணக்கு தொடங்கிய தேதியிலிருந்து அல்ல. ஜனவரியில் கூட ஆரம்பித்து மார்ச்சில் கணக்கு தொடங்கிய குழு, செப்டம்பர் வரை காத்திருக்க வேண்டாம், ஜூலையிலேயே கேட்கலாம்.

10 லட்சம் வரையிலான கடனுக்கு வங்கி அடமானம் கேட்கக் கூடாது. 'சேமிப்புக் கணக்கில் உள்ள பணத்தைக் கடன் முடியும்வரை எடுக்கக் கூடாது' என்று முடக்கவும் கூடாது.

பணம் வந்த பிறகு

கடன் குழுவின் பெயரில்தான் வரும். யாருக்கு எவ்வளவு என்பதை, விண்ணப்பிக்கும்போதே சிறுகடன் திட்டமாக எழுதிக் கொடுக்கிறார்கள். நம் குழுவில் இப்படி வைத்துக்கொள்வோம்: பெட்டிக்கடைக்கு ஒருவருக்கு 40,000, கந்துவட்டிக் கடனை அடைக்க ஒருவருக்கு 30,000, விதை, உரத்துக்கு ஒருவருக்கு 25,000, ஆடு வாங்க இருவருக்குத் தலா 20,000, தையல் மெஷினுக்கு ஒருவருக்கு 15,000. மீதி ஆறு பேர் இப்போது வாங்கவில்லை. ஆனால் கடனுக்குப் பொறுப்பு 12 பேருக்கும் உண்டு.

இத்திட்டத்தில் 3 லட்சம் வரை வட்டி 7 சதவீதம். 24 மாதத் தவணை என்றால் மாதம் சுமார் 6,716 ரூபாய் வரும். குழு உறுப்பினர்களிடம் இதைவிடக் கூடுதலாக, உதாரணத்துக்கு 12 சதவீதம், வாங்கினால் அந்த வித்தியாசம் மூலநிதியில் சேரும்.

எங்கே சறுக்குகிறது?

ஆடு வாங்கியவரால் ஒரு மாதம் கட்ட முடியவில்லை. வங்கிக்கு அவரைத் தெரியாது, குழுவின் தவணையில் குறைவதுதான் தெரியும். 90 நாளுக்கு மேல் பாக்கி நின்றால் மொத்தக் கடனும் வாராக்கடன் பட்டியலுக்குப் போய்விடும், அடுத்த கடன் 12 பேருக்கும் சிக்கலாகும். அதனால் குழு தன் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டுகிறது. இதில் தப்பில்லை. அந்தத் தொகையை அவர் பெயரில் புதிய உள்கடனாக எழுதாமல் விடுவதுதான் தப்பு. எழுதாவிட்டால் நாலைந்து மாதத்தில் சேமிப்பு கரைந்திருக்கும், யாரிடம் கேட்பது என்று தெரியாது.

இன்னொன்று, எல்லார் பெயரிலும் கடன் எழுதிவிட்டு ஒருவரே முழுப் பணத்தையும் எடுத்துக்கொள்வது. இதைக் கண்டுபிடிக்கச் சில அடையாளங்கள் உண்டு. 1.5 லட்சம் 12 பேருக்கும் சரியாக 12,500 என்று பிரிந்திருக்கும். ஆறு மாதத் தீர்மானங்களும் ஒரே பேனாவில், ஒரே மூச்சில் எழுதியது போல இருக்கும். உறுப்பினர் கையில் இருக்க வேண்டிய பாஸ்புக் பொறுப்பாளர் வீட்டில் இருக்கும்.

உங்கள் வீட்டில் யாராவது குழுவில் இருந்தால், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது அவர்களுடைய பாஸ்புக்கை வாங்கிப் பாருங்கள். அதில் உள்ள கடன் பாக்கியும் குழுவின் கடன் லெட்ஜரில் அவர்கள் பெயருக்கு நேராக உள்ள பாக்கியும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால், அடுத்த கூட்டத்தில் அதைக் கேட்டுத் தீர்மான நோட்டில் பதிய வைக்கச் சொல்லுங்கள்.