கேள்வியை எழுதுவது யார்? தேடல், பரிந்துரை அமைப்புகளின் கட்டுமானம் குறித்து

நிகோலஸ் பெல்கினும் புரூஸ் கிராஃப்டும் 1992-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, தகவலைத் தேடித் தருவதும் வடிகட்டித் தருவதும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்களா என்று தலைப்பிலேயே கேட்டது. அருவமான தளத்தில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை என்பது அவர்கள் கண்ட விடை. ஒரு புறம் ஒருவருடைய தேவை, மறுபுறம் ஏராளமான ஆவணங்கள், நடுவே பொருத்தத்தை அளந்து வரிசைப்படுத்தும் ஒரு சார்பு. கணிதமாக எழுதினால் இந்தச் சித்திரம் இன்றைய தேடுபொறிக்கும் பரிந்துரை அமைப்புக்கும் பொருந்தும். ஆனால் அந்தத் தேவை எங்கிருந்து வருகிறது என்பதை இச்சித்திரம் மறைத்துவிடுகிறது. தேடலில் கேள்வி வெளியிலிருந்து வருகிறது. பரிந்துரையில் கேள்வியையும் அமைப்பே எழுதிக்கொள்கிறது. இரண்டின் கட்டுமானமும் பிரிவதற்கு இதுவே முதன்மையான காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

பத்து லட்சம் காணொளிகள் கொண்ட ஒரு தளத்தில் ஒருவர் 'மல்லிகை பதியம் போடுவது எப்படி' என்று தட்டுகிறார் என்று கொள்வோம். தேடுபொறி பத்து லட்சத்தையும் புரட்டுவதில்லை. எந்தச் சொல் எந்தெந்தக் காணொளியின் தலைப்பிலும் விவரத்திலும் வருகிறது என்ற பட்டியல் முன்பே தயாராக இருக்கிறது. நூலின் கடைசியில் வரும் சொல்லடைவு போன்றது அது. 'எப்படி' ஒரு லட்சம் காணொளிகளில் வருகிறது, 'பதியம்' ஆயிரத்தில் மட்டுமே வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கேரன் ஸ்பார்க் ஜோன்ஸ் 1972-இல் முன்வைத்த கருத்தின்படி, அரிதாக வரும் சொல்லுக்கு எடை அதிகம். மொத்த எண்ணிக்கையைச் சொல் வரும் காணொளிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பத்தடிமான மடக்கை எடுத்தால் 'எப்படி'க்கு 1, 'பதிய'த்துக்கு 3. 'பதியம்' பட்டியலையும் 'மல்லிகை' பட்டியலையும் ஒப்பிட்டால் சில நூறு காணொளிகளே மிஞ்சும். நுணுக்கமான தரவரிசைக் கணக்கை அவற்றின் மீது மட்டும் போட்டால் போதும்.

இங்கே வினவல் இரண்டு வேலைகளைச் செய்கிறது. தேவை இன்னதென்று சொல்கிறது. தேவையற்ற பெரும்பகுதியை மலிவாகக் கழித்தும் விடுகிறது. தட்டியவர் யார், நேற்று எதைப் பார்த்தார் என்பது தெரியாமலேயே இவ்வளவும் நடந்துவிடுகிறது.

அதே மனிதர் மறுநாள் காலை அதே தளத்தின் முகப்பைத் திறக்கிறார். எதையும் தட்டவில்லை. அமைப்பின் கையில் இருப்பவை தடயங்கள் மட்டுமே: நேற்று மல்லிகைப் பதியக் காணொளி ஒன்றைப் பன்னிரண்டு நிமிடம் பார்த்தார், அதற்கு முந்தைய வாரம் இரண்டு பழைய பாடல்கள், ஒரு கிரிக்கெட் தொகுப்பு. அவர் நாற்றுப்பண்ணை வைத்திருப்பவரா, மொட்டை மாடியில் ஒரே ஒரு தொட்டி வைத்திருப்பவரா, மகளின் பள்ளிப் பாடத்துக்காக ஒருமுறை பார்த்தவரா என்பது அத்தடயங்களில் இல்லை. பன்னிரண்டு நிமிடம் பார்த்தது ஆர்வத்தின் அடையாளமாகவும் இருக்கலாம், வேலை முடிந்துவிட்டதன் அடையாளமாகவும் இருக்கலாம். இரண்டாவதுதான் உண்மை என்றால் இன்னும் ஐந்து பதியக் காணொளிகளை அடுக்குவது வீண்.

இந்த இடர்ப்பாட்டை யூடியூப் பொறியாளர்கள் பால் கோவிங்டன், ஜே ஆடம்ஸ், எம்ரே சார்கின் ஆகியோர் 2016-இல் வெளியிட்ட ஆய்வுரையில் நேராகவே எதிர்கொண்டார்கள். அவர்களுடைய அமைப்பு இரண்டு கட்டங்களில் இயங்கியது. முதற்கட்டம் பல லட்சம் காணொளிகளிலிருந்து சில நூறைப் பொறுக்கியது. இரண்டாவது, அந்தச் சில நூறை நுணுக்கமாக வரிசைப்படுத்தியது. பொறுக்குவதற்குச் சொல்லடைவு உதவாது, ஏனெனில் சொல்லே இல்லை. எனவே ஒருவர் அண்மையில் பார்த்தவற்றையும் தேடியவற்றையும் கலந்து, அவரைக் குறிக்கும் எண்களின் வரிசையாக, அதாவது ஒரு திசையனாக மாற்றினார்கள். காணொளிகளுக்கும் அதே வெளியில் திசையன்கள் இருந்தன. அவருக்கு மிக அருகில் இருப்பவை பொறுக்கப்பட்டன. அந்தத் திசையன்தான் அமைப்பு தானே எழுதிக்கொண்ட வினவல்.

அவ்வுரையில் எனக்கு மிக முக்கியமாகப் படும் பகுதி வேறொன்று. ஒருவர் கடைசியாகத் தேடிய சொல்லை மாதிரிக்கு அப்படியே காட்டினால், அடுத்து அவர் பார்க்கப்போவது அந்தத் தேடலின் முடிவுப் பக்கத்தில் உள்ளவையே என்று அது எளிதில் கற்றுக்கொள்ளும். கணிப்பு சரி; ஆனால் கடைசித் தேடலின் முடிவுகளையே முகப்பில் திரும்பக் காட்டினால் பரிந்துரை படுமோசமாக அமைகிறது என்று ஆசிரியர்கள் எழுதுகிறார்கள். ஆகவே தேடுசொற்களின் வரிசையை வேண்டுமென்றே அழித்து, முன்பின் தெரியாத ஒரு குவியலாகவே மாதிரிக்குத் தந்தார்கள். தேடலுக்கு உயிரான தகவலைப் பரிந்துரைக்காக மங்கலாக்க வேண்டியிருந்தது. இரண்டும் ஒரே பணி என்றால் இதற்கு அவசியமே இருந்திருக்காது.

தேடுபொறிகளும் சொடுக்குகளிலிருந்து கற்கின்றனவே, ஆளுக்கேற்பவும் மாறுகின்றனவே என்று கேட்கலாம். மறுப்பதற்கில்லை. 'பொன்னியின் செல்வன்' என்று தட்டுபவருக்கு வேண்டியது கல்கியின் நாவலா, 2022-இல் வந்த திரைப்படமா என்பதை வினவல் மட்டும் சொல்லாது; அவருடைய வரலாறு கைகொடுக்கும். ஆனால் அந்த வரலாறு, வினவல் திறந்துவைத்த சில பொருள்களுக்குள் ஒன்றைத் தேர்கிறது, அவ்வளவே. சமையல் காணொளி அங்கே நுழைய முடியாது. நுழைந்தால் அது பிழை என்று எவரும் சொல்லிவிடலாம்.

எவரும் சொல்லிவிடலாம் என்பதில்தான் மதிப்பீட்டின் வேறுபாடு தொடங்குகிறது. சிரில் கிளெவர்டன் 1960-களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் நடத்திய சோதனை 1,400 ஆவணங்களையும் 225 கேள்விகளையும் கொண்டது. எந்த ஆவணம் எந்தக் கேள்விக்குப் பொருந்தும் என்று முதலிலேயே தீர்மானித்துவிட்டால், அதன்பின் எத்தனை தேடல் முறைகளையும் அதே உரைகல்லில் உரசிப் பார்க்கலாம். பரிந்துரைக்கு இப்படியொரு நடுவர் கிடையாது. இந்த மனிதருக்கு இன்று காலை இந்தக் காணொளி வேண்டுமா என்பதை அவரைத் தவிர வேறு யார் சொல்வது?

2006-இல் நெட்ஃபிளிக்ஸ் தொடங்கிய போட்டி இந்த இடைவெளியைக் கடக்க முயன்றது. பயனர்கள் படங்களுக்கு இட்ட சுமார் பத்துக் கோடி மதிப்பெண்களைத் தந்து, மறைத்துவைத்த மதிப்பெண்களைக் கணிக்கச் சொன்னார்கள். பிழையைப் பத்து விழுக்காடு குறைப்பவர்களுக்குப் பத்து லட்சம் டாலர். 2009-இல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் வென்ற கூட்டு மாதிரியை முழுமையாகப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரவில்லை என்றும், கிடைத்த முன்னேற்றம் அதற்கான பொறியியல் உழைப்புக்கு ஈடாகத் தோன்றவில்லை என்றும் அந்நிறுவனமே பின்னர் கூறியது. அதைவிட ஆழமான குறை அளவுகோலில் இருந்தது. மதிப்பெண் இருப்பது மக்கள் தாமாகத் தேர்ந்து பார்த்த படங்களுக்கு மட்டுமே. பார்க்காதவற்றுள் எதைக் காட்ட வேண்டும் என்பதே பரிந்துரையின் கேள்வி; அதற்கு அத்தரவில் விடை மிகக் குறைவு.

தேடல் பிழைத்தால் தெரிந்துவிடும். முடிவே வராது, அல்லது ஒருவர் 'பதியம்' என்பதை அழித்து 'மல்லிகைச் செடி நாற்று' என்று மாற்றித் தட்டுவார். பதிவேட்டில் அந்த மறுதட்டல் வெளிப்படையான புகாராக நிற்கும். பரிந்துரை பிழைத்தாலோ பயனர் பேசாமல் கீழே நகர்த்திவிடுவார். பிடிக்கவில்லையா, கண்ணில் படவில்லையா, பிறகு பார்க்கலாம் என்று விட்டாரா என்பது தெரியாது. காட்டாமலே விடப்பட்ட நல்ல காணொளி குறித்தோ இந்த அளவுக்குக்கூடத் தடயம் மிஞ்சுவதில்லை. அமைப்பு தான் காட்டியவற்றுக்கு வந்த எதிர்வினையிலிருந்து மட்டுமே கற்றால், நேற்றைய தன் ஊகத்தையே இன்றைய சான்றாக எடுத்துக்கொள்ளும்.

ஆகவே பயனர்களை இரு குழுக்களாகப் பிரித்து நேரடியாகச் சோதிப்பதும், சிறு பங்கு இடங்களில் ஊகத்துக்கு அப்பாற்பட்டவற்றைக் காட்டிப் பார்ப்பதும் பரிந்துரை அமைப்புக்குத் தவிர்க்க முடியாத உறுப்புகள். யூடியூப் குழுவினரும் தம் பரிந்துரைகளின் வழியாக வந்த பார்வைகளோடு நிறுத்திக்கொள்ளாமல், பிற தளங்களில் பதிக்கப்பட்ட காணொளிகளைப் பார்த்தவை உட்பட எல்லாப் பார்வைகளையும் பயிற்சித் தரவில் சேர்த்தார்கள். அவ்வாறு செய்யாவிட்டால் புதிய காணொளிகள் மேலே வருவது கடினம் என்பதும், பழைய விருப்பங்களின் பக்கமே மாதிரி சாய்ந்துவிடும் என்பதும் அவர்கள் தந்த காரணம். தேடலும் பரிந்துரையும் ஒரே மாதிரியைப் பகிர்ந்துகொள்ள முனைவோர், ஒவ்வொரு பார்வையோடும் அது வினவலால் வந்ததா, பரிந்துரையால் வந்ததா, வெளியிலிருந்து வந்ததா என்ற குறிப்பைச் சேர்த்தே பதிய வேண்டும். பயிற்சியின்போது அந்த மூன்றையும் ஒரே வகைச் சான்றாக எடைபோடக் கூடாது.