12 டாலர் வெள்ளி ஏன் 20 டாலருக்கு விற்றது?

இன்னைக்கு எபிசோட் நான் ஒரு தடவை ரொம்ப உறுதியா சொன்ன தப்பான கருத்தைப் பத்தினது.

2020 மார்ச் 18-ஆம் தேதி வாக்குல என் லேப்டாப்ல ரெண்டு பக்கம் திறந்திருந்தது. ஒண்ணு வெள்ளியோட உலகச் சந்தை விலை, அதாவது ஸ்பாட் விலை. பிப்ரவரி பிற்பகுதியில் அவுன்ஸுக்கு 18 டாலருக்கு மேல் இருந்தது, கொரோனா பயத்தில் 12 டாலர் பக்கத்துக்கு வந்துவிட்டது. இன்னொண்ணு அமெரிக்காவில் வெள்ளி நாணயம் விற்கும் ஒரு வியாபாரியின் பக்கம். அங்கே அமெரிக்க அரசு அச்சடிக்கும் ஒரு அவுன்ஸ் 'சில்வர் ஈகிள்' நாணயம் 20 டாலரைச் சுற்றி இருந்தது. பாதி நேரம் 'கையிருப்பு இல்லை'ன்னு வேற காட்டும்.

உடனே நான் நண்பர்களோட வாட்ஸப் குரூப்ல எழுதினேன்: "12 டாலர்ங்கிறது பொய் விலை. 20 டாலர்தான் உண்மை. வெள்ளி தீர்ந்துபோச்சு, மறைக்கிறாங்க." தீர்ந்துபோனது ஒண்ணு இருந்தது, ஆனா அது வெள்ளி இல்லை. அது என்னன்னு புரிஞ்சுக்க, ஸ்பாட் விலை எந்தப் பொருளோட விலைன்னு முதல்ல பார்க்கணும்.

வெள்ளியின் மொத்த வியாபாரம் ஏறக்குறைய 1,000 அவுன்ஸ் பாளங்களில் நடக்கிறது. ஒரு பாளம் சுமார் 31 கிலோ. லண்டன் பெட்டகங்களில் அடுக்கி வைத்திருப்பது இந்த அளவுதான். தங்கத்தில் அது சுமார் 400 அவுன்ஸ், அதாவது பன்னிரண்டரை கிலோ. நாம செய்தியில் பார்க்கிற விலை, இந்தப் பெரிய பாளங்கள் பெரிய ஆட்களிடையே கைமாறும் விலை.

அந்த 31 கிலோ பாளம் உங்கள் கைக்கு நாணயமாக வரணும்னா, அதை உருக்கணும், தகடாக இழுக்கணும், வட்ட வில்லைகளாக வெட்டணும், சூடாக்கி மென்மையாக்கணும், கழுவணும், அதன் பிறகுதான் அச்சு. அப்புறம் பெட்டி, காப்பீடு, போக்குவரத்து, வியாபாரியின் லாபம். நம்ம ஊர் நகைக்கடை பாஷையில் சொன்னா, இது செய்கூலி. அவங்க இதை பிரீமியம்னு சொல்றாங்க.

இந்தச் செய்கூலி எடையைப் பார்த்து வருவதில்லை, உருப்படியைப் பார்த்து வருகிறது. ஒரு அவுன்ஸ் தங்க நாணயத்துக்கும் ஒரு தடவைதான் அச்சு விழும், பத்தில் ஒரு பங்கு அவுன்ஸ் நாணயத்துக்கும் ஒரு தடவைதான். அதனால் அமெரிக்க நாணயச்சாலை மொத்த வியாபாரிகளுக்குத் தங்க ஈகிள் கொடுத்தபோது, ஒரு அவுன்ஸுக்கு 3 சதவீதம், அரை அவுன்ஸுக்கு 5, கால் அவுன்ஸுக்கு 7, பத்தில் ஒரு பங்குக்கு 9 சதவீதம் மேல் வைத்து வாங்கியது. சின்னதா வாங்க வாங்க, தங்கத்துக்குக் கொடுக்கும் பங்கு குறையும், வேலைக்குக் கொடுக்கும் பங்கு ஏறும்.

வெள்ளி ஈகிளுக்கு அப்போது சதவீதமே கிடையாது. நாணயத்துக்கு 2 டாலர். கணக்கு போட்டுப் பாருங்க. வெள்ளி 18 டாலரா இருந்தா அந்த 2 டாலர் 11 சதவீதம். வெள்ளி 12-க்கு விழுந்தா அதே 2 டாலர் 17 சதவீதம். யாரும் எதையும் ஏத்தலை, ஆனாலும் பிரீமியம் சதவீதத்தில் ஏறிப்போச்சு.

இது அமைதியான நாள் கணக்கு. பீதி வந்தா என்ன ஆகுது?

மார்ச் 2020-ல் பெரிய முதலீட்டாளர்கள் பங்குச்சந்தை நஷ்டத்தை ஈடுகட்ட ரொக்கம் தேடினார்கள். கையில் இருந்ததை எல்லாம் விற்றார்கள், வெள்ளியையும் சேர்த்து. பெரிய பாளத்தின் விலை விழுந்தது. அதே வாரத்தில், சாதாரண ஆட்கள் பயந்துபோய் நாணயம் வாங்க ஓடினார்கள். ஒரே உலோகம், ஒரே வாரம், ரெண்டு வேற கூட்டம், ரெண்டு வேற திசை.

இந்த இரண்டையும் இணைக்க வேண்டியது ஆலை. வெள்ளி மலிவா இருக்கு, நாணயம் விலை கூடியிருக்குன்னா, யாராவது பாளத்தை வாங்கி நாணயமாக்கி விற்றால் அந்த இடைவெளி மூடிவிடும். ஆனால் வில்லை வெட்டும் எந்திரத்தையும் அச்சு எந்திரத்தையும் ஒரே வாரத்தில் இரண்டு மடங்காக்க முடியாது. அமெரிக்க நாணயச்சாலை அந்த மார்ச்சில் சில்வர் ஈகிள் தற்காலிகமாகத் தீர்ந்துவிட்டது என்று அறிவித்தது. ஏப்ரலில் அதன் வெஸ்ட் பாயிண்ட் ஆலை தொற்று பயத்தால் சில நாள் மூடப்பட்டது. ஆக, தீர்ந்துபோனது வெள்ளி இல்லை. வெள்ளியை நாணயமாக மாற்றும் திறன்.

இதே கதை 2008-லும் நடந்தது. தங்கம், வெள்ளி விலை இறங்கிக்கொண்டிருந்த ஆகஸ்டில், நாணயச்சாலை தங்க ஈகிள் விற்பனையைக் கொஞ்ச நாள் நிறுத்தி, பிறகு வியாபாரிகளுக்கு அளந்து கொடுத்தது.

பெரிய ஆட்களும் இதுக்குத் தப்பலை. 2020 மார்ச் 23 வாக்கில், சுவிட்சர்லாந்தின் டிசினோ மாநிலத்தில் இருக்கும் வால்காம்பி, பாம்ப், ஆர்கோர்-ஹெரேயஸ் என்ற மூன்று பெரிய சுத்திகரிப்பு ஆலைகள் ஊரடங்கால் நின்றன. லண்டனில் 400 அவுன்ஸ் கட்டிகள் நிறைய இருந்தன. ஆனால் நியூயார்க் முன்பேரச் சந்தையின் ஒப்பந்தத்துக்கு 100 அவுன்ஸ் அல்லது ஒரு கிலோ கட்டிதான் செல்லும். உருக்கி மாற்ற ஆலை இல்லை, ஏற்றிப்போகப் பயணிகள் விமானமும் இல்லை. மறுநாள் நியூயார்க் விலை லண்டன் விலையை விட அவுன்ஸுக்கு 50 டாலருக்கு மேல் விலகி நின்றது. சாதாரண நாளில் அது சில டாலர்தான் இருக்கும். இங்கேயும் குறைஞ்சது தங்கம் இல்லை, தங்கத்தோட வடிவம்.

சரி, அந்த வாரம் 20 டாலர் கொடுத்தவர் என்ன ஆனார்? அவர் 12 டாலரை வெள்ளிக்கும் 8 டாலரை அவசரத்துக்கும் கொடுத்திருக்கார். பீதி அடங்கி, ஸ்பாட் 12-லேயே நின்று, வியாபாரி வழக்கம்போல ஸ்பாட்டுக்கு மேல் ஒரு டாலர் வைத்துத் திரும்ப வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். கைக்கு வருவது 13. வெள்ளி ஒரு பைசா இறங்காமலேயே 35 சதவீதம் போச்சு. போட்ட பணம் திரும்ப வரணும்னா ஸ்பாட் 19-ஐத் தொடணும். நிஜத்தில் அந்த ஜூலையிலேயே தொட்டது, ஆகஸ்டில் 29-ஐ நெருங்கியது. அவரைக் காப்பாத்தினது வெள்ளி விலை, பிரீமியம் இல்லை.

இப்போ நான் இப்படி ஒரு இடைவெளியைப் பார்த்தா ரெண்டு விஷயம் தேடுவேன். ஒண்ணு, பெரிய பாளத்தோட பிரீமியமும் ஏறியிருக்கா? நாணயத்துக்கு மட்டும் ஏறி, 1,000 அவுன்ஸ் பாளத்துக்கு ஏறலைன்னா, நெருக்கடி ஆலையில்தான். இன்னொண்ணு, வியாபாரி திரும்ப வாங்கும் விலை. விற்கும் விலையோட அதுவும் ஏறியிருந்தா, நாணயத்துக்கு நிஜமாவே தட்டுப்பாடு, கையில் இருக்கிறவருக்கு அது நல்ல நேரம். விற்கும் விலை மட்டும் ஏறியிருந்தா, அந்த இடைவெளி முழுக்க வாங்குறவர் தலையில்.

அன்னைக்கு அந்த வாட்ஸப் மெசேஜை நம்பி ஒரு நண்பர் வாங்கினார். ஜூலை வரைக்கும் அவர்கிட்ட பேசுறப்பெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்கும். அவர் தப்பிச்சார். என் கணக்கு தப்பாதான் இருந்தது.