பரிசுத்தொகைப் பகிர்வுச் சரிபார்ப்பு

பரிசுத்தொகைப் பகிர்வுச் சரிபார்ப்பு என்பது, ஒரு போட்டியின் மொத்தப் பரிசுத்தொகையில் ஒவ்வோர் இடத்துக்கும் ஒதுக்கிய விழுக்காடும், அந்த இடத்துக்கு உண்மையில் வழங்கிய தொகையும் ஒத்துப்போகின்றனவா என்று பார்க்கும் கணக்கு முறை. விழுக்காடுகளின் கூட்டுத்தொகை 100 ஆக இருப்பது முதல் நிபந்தனை. வழங்கிய தொகைகளைக் கூட்டினால் மொத்தப் பரிசுத்தொகை வரவேண்டும் என்பது இரண்டாவது. ஒவ்வோர் இடத்துக்கும் விழுக்காட்டின்படி வரும் தொகையும் வழங்கிய தொகையும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பது மூன்றாவது. முதல் இரண்டும் நிறைவேறிய பட்டியலிலும் மூன்றாவது தவறலாம்.

எடுத்துக்காட்டு: 2023 ஐ.பி.எல்.

2023 ஐ.பி.எல். போட்டியில் கோப்பையை வென்ற சென்னை சூப்பர் கிங்ஸ் அணிக்கு 20 கோடி ரூபாய், இரண்டாம் இடம் பெற்ற குஜராத் டைட்டன்ஸுக்கு 13 கோடி, மூன்றாம் இடம் பெற்ற மும்பை இந்தியன்ஸுக்கு 7 கோடி, நான்காம் இடம் பெற்ற லக்னோவுக்கு 6.5 கோடி என்று பரிசுகள் அறிவிக்கப்பட்டன. மொத்தம் 46.5 கோடி. இதை முழு எண் விழுக்காடுகளாக மாற்றினால் 43, 28, 15, 14 என்று வரும். கூட்டினால் சரியாக 100.

இந்த விழுக்காடுகளை மட்டும் வைத்துக்கொண்டு தொகையைத் திரும்பக் கணக்கிட்டால் நிலைமை மாறுகிறது. 43 விழுக்காடு என்பது 19.995 கோடி, அறிவித்ததைவிட 50,000 ரூபாய் குறைவு. இரண்டாம் இடத்துக்கு 2 லட்சம் கூடுகிறது. மூன்றாம் இடத்துக்கு 2.5 லட்சம் குறைகிறது. நான்காம் இடத்துக்கு 1 லட்சம் கூடுகிறது. கூடியதும் குறைந்ததும் தலா 3 லட்சம் என்பதால் ஒன்றையொன்று ஈடுகட்டி, மொத்தம் பிசகாமல் 46.5 கோடியாகவே நிற்கிறது. விழுக்காட்டின் கூட்டலும் தொகையின் கூட்டலும் சரி. ஆனால் நான்கு வரிகளில் ஒன்றுகூடச் சரியில்லை.

ஆகவே வேறுபாடுகளை அப்படியே கூட்டிப் பார்த்தால் பிழை தெரியாது. குறியை நீக்கிவிட்டுக் கூட்டவேண்டும். விரிதாளில் விழுக்காட்டின்படி வரும் தொகை C பத்தியிலும், வழங்கிய தொகை D பத்தியிலும் இருந்தால்:

```
=SUMPRODUCT(ABS(D2:D5-C2:C5))
```

மேற்கண்ட கணக்கில் இது 6 லட்சம் என்று காட்டும். பூஜ்யம் வந்தால்தான் எல்லா வரிகளும் பொருந்துகின்றன.

இங்கே தவறு தொகையில் இல்லை, முழுமையாக்கிய விழுக்காட்டில் இருக்கிறது. இரண்டு தசம இடங்கள் வைத்தாலும் முதல் இடத்தில் 3,500 ரூபாய் குறைகிறது. தொகை முதலில் முடிவாகியிருந்தால் அதையே மூலமாகக் கொண்டு, விழுக்காட்டைத் தோராயம் என்று குறிப்பிடவேண்டும். விழுக்காடுதான் விதி என்றால், தொகையை அதிலிருந்தே பெறவேண்டும்.

சமநிலை

பொருத்தம் அதிகமாகக் குலைவது, பலர் ஒரே புள்ளியில் முடிக்கும்போது. தில்லி கரோல் பாக்கில் ஒரு தமிழ் மன்றம் சதுரங்கப் போட்டி நடத்துவதாக வைத்துக்கொள்வோம். பரிசு 1,00,000 ரூபாய். பகிர்வு 40, 25, 15, 10, 10 விழுக்காடு. மூன்று பேர் இரண்டாம் இடத்தில் சமநிலை. மூவருக்கும் தலா 25 விழுக்காடு கொடுத்துவிட்டு ஐந்தாம் பரிசையும் வழங்கினால் செலவு 1,25,000 ஆகிவிடும். பட்டியலோ இன்னும் 100 என்றே காட்டிக்கொண்டிருக்கும்.

பரிசைச் சமமாகப் பிரிப்பது விதி என்றால், இரண்டு, மூன்று, நான்காம் இடங்களின் பங்கைச் சேர்த்து, அந்த 50,000 ரூபாயை மூன்றாக வகுக்கவேண்டும். ஒருவருக்கு 16,666.67 ரூபாய். எல்லாருக்கும் 16,667 என்றால் 1 ரூபாய் கூடும். 16,666 என்றால் 2 ரூபாய் மிஞ்சும். மிச்சம் யாருக்கு என்பதைப் போட்டி தொடங்கும் முன்பே விதியில் எழுதிவிட வேண்டும். சரிபார்ப்பவர் விதியின் அசல் பட்டியலோடு ஒப்பிடாமல், சமநிலைக்குப் பின் திருத்திய பட்டியலோடு ஒப்பிடவேண்டும்.

வரிப் பிடித்தம்

வெற்றியாளரின் வங்கிக் கணக்கில் வந்த தொகை, பகிர்வுத் தொகை ஆகாது. மேற்கண்ட சதுரங்கப் போட்டியின் முதல் பரிசான 40,000 ரூபாயில் 30 விழுக்காடு வரி பிடித்தால் கைக்கு வருவது 28,000. இதை மொத்தத்தோடு ஒப்பிட்டால் 28 விழுக்காடே கொடுத்ததுபோலத் தோன்றும். பிடித்த 12,000 ரூபாயைச் சேர்த்த பிறகே ஒப்பிடவேண்டும்.

விழுக்காடு முன்கூட்டியே இல்லாத போட்டிகள்

சில போட்டிகளில் விழுக்காடு ஆட்டத்தின் முடிவில்தான் பிறக்கும். 2024-ல் சிங்கப்பூரில் நடந்த உலக சதுரங்க வாகையர் போட்டியின் பரிசு 25 லட்சம் டாலர். வென்ற ஒவ்வோர் ஆட்டத்துக்கும் 2 லட்சம், மீதி இருவருக்கும் சமம் என்பது விதி. குகேஷ் மூன்று ஆட்டங்களும் டிங் லிரன் இரண்டு ஆட்டங்களும் வென்றதால் 10 லட்சம் அதில் போக, மீதி 15 லட்சம் தலா 7.5 லட்சமாகப் பிரிந்தது. குகேஷுக்கு 13.5 லட்சம், டிங்குக்கு 11.5 லட்சம், அதாவது 54, 46 விழுக்காடு. இத்தகைய போட்டிக்கு முன்கூட்டிய விழுக்காட்டுப் பட்டியலைத் தேடிப் பயனில்லை; வெற்றிகளை எண்ணி, விதியை மறுபடி கணக்கிட்டுப் பார்ப்பதே சரிபார்ப்பு.