இரவில் யாருடைய அழைப்பு ஒலிக்க வேண்டும்?

கோடைகாலத்தில் ரொறன்ரோவில் மாலை ஏழு மணி என்றால் மட்டக்களப்பில் மறுநாள் அதிகாலை நாலரை. அங்கே வேலை முடிந்து ஆறுதலாகப் பேச எடுக்கும் போன், இங்கே நித்திரையைக் கலைக்கிறது. இரவில் மணியடித்தால் நெஞ்சு பதறி எழும்பும் பழக்கம் எங்களில் பலரை இன்னும் விட்டுப் போகவில்லை. அதனால் போனை அமத்திவிட்டுப் படுக்கிறார்கள். அப்போது கட்டாயம் எடுக்க வேண்டிய அழைப்பும் தவறிவிடும்.

படுவான்கரையில் இருக்கும் என் உறவுக்கார அக்காவின் கணவர் இரவில் வாவிக்கு இறால் பிடிக்கப் போகிறவர். காற்று எழும்பினால் வேறு துறையில் தோணியை ஒதுக்கிவிட்டு வீட்டுக்கு அழைப்பார். கல்லடியில் வயதான தாய் தனியாக இருக்கிறார். இந்த இருவரின் அழைப்பு மட்டும் ஒலித்தால் அக்காவுக்குப் போதும்.

அவருடையது அன்ட்ரொய்ட் போன். முதலில் தொடர்பு எண்களில் இருவரின் பெயரையும் திறந்து, மேலே உள்ள நட்சத்திரத்தைத் தொட்டோம். பிறகு Settings-இல் Do Not Disturb என்று தேடி, அழைப்புகளுக்கான இடத்தில் Starred contacts என்பதைத் தெரிவுசெய்தோம். இரவு பத்து முதல் காலை ஐந்தரை வரை தானாக இயங்க நேரமும் குறித்தோம். போனுக்குப் போன் இவை இருக்கும் இடம் கொஞ்சம் மாறும்.

அதே இடத்தில் Repeat callers என்று ஒன்று உண்டு. ஒரே எண்ணிலிருந்து பதினைந்து நிமிடத்துக்குள் இரண்டாம் முறை அழைப்பு வந்தால் அது ஒலிக்கும். ஐபோனில் அந்த இடைவெளி மூன்று நிமிடம்தான். கணவரின் போனில் சார்ஜ் இறங்கி, பக்கத்துத் தோணிக்காரரின் போனில் அழைக்க நேர்ந்தால் இதுதான் கைகொடுக்கும். அந்த எண்ணுக்கு நட்சத்திரம் இல்லையே. எடுக்காவிட்டால் உடனே மறுபடி அடிக்கும்படி அவரிடம் சொல்லிவைத்தோம். கனடாக்காரர் பொறுமையில்லாமல் இரண்டு தரம் அடித்தாலும் ஒலிக்கும்தான், அதைத் தவிர்க்க முடியாது.

பலர் ஏமாறுவது ஒலியளவில். அழைப்பொலியைப் பூச்சியமாக்கி, அல்லது அதிர்வில் மட்டும் வைத்துவிட்டுப் படுத்தால், நட்சத்திரம் இருந்தும் சத்தம் வராது. இந்த முறைக்கு ஒலி கூட்டியே இருக்க வேண்டும். ஒருவருக்கு இரண்டு சிம் இருந்தால் இரண்டு எண்களையும் அதே பெயரின் கீழ் சேமிக்க வேண்டும். வட்ஸ்அப் அழைப்பு இந்த வழியில் வரும் என்று நம்ப வேண்டாம். வட்ஸ்அப்பையே விதிவிலக்காக்கினால் குழுச் செய்திகளும் சேர்ந்து சத்தம் போடக்கூடும். அவசரத்துக்குச் சாதாரண அழைப்பே நல்லது.

சரிபார்க்கப் பகலிலேயே Do Not Disturb-ஐப் போட்டுவிட்டு, நட்சத்திரமிட்ட எண்ணிலிருந்து ஒருமுறையும் மற்றொரு எண்ணிலிருந்து ஒருமுறையும் அழைத்துப் பாருங்கள். முதலாவது மட்டும் ஒலிக்க வேண்டும்.