பாடம் 2003, கேள்வி 2014

ஐஐடி பாடத்தை கல்பாக்கத்து வீட்டிலிருந்தே கேட்கலாம் என்று ஆக்கியது 2003-ல் தொடங்கிய என்பிடெல். ஆனா அந்த வீடியோக்களில் பேராசிரியர் பேசுவார், நாம கேட்போம். புரிஞ்சுதான்னு கேட்க ஆளில்லை.

2014-ல் சான்றிதழ் படிப்புகள் வந்தபோதுதான் வாராவாரம் கேள்விகளும் வந்தன. 12 வாரப் படிப்பில் சிறந்த 8 வாரங்களின் சராசரிக்கு 25 சதவீதம். மீதி 75, மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு.

மதிப்பெண் இருப்பதால், கெடு முடிந்த பிறகே சரியான விடை தெரியும். லூப் 10 தடவை ஓடும் இடத்தில் 11 என்று போட்டவர், அதே குழப்பத்தோட அடுத்த வாரப் பாடத்துக்குப் போயிடுவார்.

2011-ல் ஸ்டான்போர்டின் இயந்திரக் கற்றல் படிப்பு வேறு வழியில் போனது. வீடியோ நடுவில் நின்று கேள்வி கேட்கும். மதிப்பெண் கிடையாது, அதனால் விடை அப்பவே தெரிந்துவிடும்.