விரிசல் விழாத சுவர், உறங்க முடியாத இரவு: அயல்வீட்டுத் தொல்லையைச் சட்டம் எப்போது தடுக்கும்?

வீட்டுக்கு அடுத்த காணியில் மிளகாய்த்தூள் அரைக்கும் மில் ஒன்று தொடங்கப்படுகிறது. அல்லது வேலியோரம் கோழிப்பண்ணை வருகிறது. சுவரில் விரிசல் இல்லை, கிணறு கெடவில்லை, மரம் பட்டுப்போகவில்லை. ஆனால் இரவில் உறங்க முடியவில்லை, ஜன்னலைத் திறக்க முடியவில்லை. முறையிடப் போனால் முதலில் வரும் கேள்வி, “உங்களுக்கு என்ன சேதம்?” என்பதுதான். காட்டுவதற்குச் சேதம் எதுவும் இல்லாததால் பலர் அத்தோடு திரும்பிவிடுகிறார்கள்.

சட்டத்தின் பார்வையில் அந்தக் கேள்வியே பொருத்தமற்றது. அயலவரின் தொல்லையைத் தடுத்து நிறுத்தக் கோருபவர் பொருட்சேதத்தை நிரூபிக்க வேண்டியதில்லை.

எந்தச் சட்டம்?

மாத்தளை பழைய கண்டி இராச்சியத்துக்கு உட்பட்ட பிரதேசம். எனினும் கண்டியச் சட்டம் இன்று பெரும்பாலும் கண்டியச் சிங்களவரின் திருமணம், வாரிசுரிமை போன்ற விடயங்களோடு நின்றுவிடுகிறது. அயலவர்களுக்கு இடையிலான தொல்லை விவகாரத்தில், இனம், மதம் பாராமல், நாட்டின் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டமே ஏற்புடையது.

அந்தச் சட்டம் இரண்டு பரிகாரங்களைப் பிரித்துப் பார்க்கிறது. நட்டஈடு கேட்டால் பண இழப்பைக் காட்ட வேண்டும். எதிராளியின் வேண்டுமென்ற செயலையோ கவனயீனத்தையோ நிறுவ வேண்டும். தொல்லையை நிறுத்துமாறு தடையுத்தரவு கேட்பவருக்கு இந்தச் சுமை இல்லை. தன் வீட்டையும் காணியையும் சாதாரணமாக அனுபவிக்கும் உரிமை மீறப்படுகிறது, அது தொடர்கிறது என்று காட்டினால் போதும். எனவே உறக்கம் இழந்தவருக்குப் பொருத்தமான வழக்கு பணம் கேட்கும் வழக்கு அல்ல, தடுத்து நிறுத்தக் கோரும் வழக்கே.

குரங்கை விரட்டிய வெடிச்சத்தம்

இதே ரோமன் டச்சுச் சட்டத்தைப் பின்பற்றும் தென்னாபிரிக்காவில் 1979ஆம் ஆண்டு அறிக்கையிடப்பட்ட ‘ஹீன் எதிர் ஹீன்’ வழக்கு, குரங்குத் தொல்லையோடு வாழும் மாத்தளை விவசாயிகளுக்கு எளிதில் புரியும். தன் மரக்கறித் தோட்டத்துக்கு வரும் பபூன் குரங்குகளையும் காட்டு விலங்குகளையும் விரட்ட, ஒரு விவசாயி குறித்த இடைவெளிகளில் வெடிச்சத்தம் எழுப்பும் கருவியை வைத்தார். அது இரவு பகலாக வெடித்தது. பக்கத்துக் காணிக்காரர் நீதிமன்றம் சென்றார்.

பயிரைக் காப்பது நியாயமான நோக்கம். கருவி இருந்ததும் சொந்தக் காணியில்தான். இருந்தும் நீதிமன்றம் தடையுத்தரவு வழங்கியது. காணி உரிமை மிகப் பரந்த உரிமைதான், ஆனால் எல்லையற்றதல்ல; அயலவரின் அனுபவ உரிமை தொடங்கும் இடத்தில் அது கட்டுப்படுகிறது என்பதே தீர்ப்பின் சாரம். இவ்வாறான தென்னாபிரிக்கத் தீர்ப்புகள் இலங்கை நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்துவதில்லை, வழிகாட்டியாக எடுத்துக்காட்டப்படலாம்.

எவ்வளவு சத்தம் ‘தொல்லை’?

அளவுகோல் முறைப்பாட்டாளரின் எரிச்சல் அல்ல. அந்தச் சூழலில் வாழும் சாதாரண மனிதர் ஒருவர் பொறுத்துக்கொள்வார் என்று நியாயமாக எதிர்பார்க்க முடியுமா என்பதே கேள்வி. நேரம், கால நீட்சி, இடத்தின் தன்மை, செயலின் நோக்கம் எல்லாம் நிறுக்கப்படும். ஒரு நாள் கல்யாண வீட்டுப் பாட்டு தொல்லையாகாது. நாள்தோறும் விடிகாலை நான்கு மணிக்கு ஓடும் மில் தொல்லையாகலாம். அசாதாரண நுண்ணுணர்வு கொண்டவருக்கு மட்டும் பொறுக்க முடியாத சத்தத்தைச் சட்டம் தடுக்காது.

“இது கடைத்தெரு, இங்கே சத்தம் இருக்கத்தான் செய்யும்” என்ற பதில் முழுமையான பாதுகாப்பு அல்ல. இந்தியாவின் அலகாபாத் மேல் நீதிமன்றம் 1978இல் மாவு மில் வழக்கொன்றில் இதைத் தெளிவாக்கியது. ஏற்கெனவே இரைச்சலான இடத்திலும், புதிய இயந்திரம் இரைச்சலைக் கணிசமாகக் கூட்டி அயல்வீட்டாரின் உடல் சௌகரியத்தைப் பாதித்தால் அது தொல்லையே என்றது.

இலங்கையில் சத்தத்துக்கு இலக்கங்களும் உள்ளன. தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழான 1996ஆம் ஆண்டு ஒழுங்குவிதிகளின்படி, பிரதேச சபைப் பகுதிகளில் எல்லை பகலில் 55 டெசிபல், இரவில் 45. மாநகர, நகர சபைப் பகுதிகளில் 63, 50. ஆகவே மாத்தளை நகருக்குள் பகலில் அனுமதிக்கப்படும் சத்தம், உக்குவளையிலோ இரத்தோட்டையிலோ எல்லை மீறலாகலாம். இந்த விதிகளில் ‘பகல்’ மாலை 6 மணியோடு முடிந்துவிடுகிறது. எல்லை மீறல் தொல்லைக்கு வலுவான சான்று. ஆனால் எல்லைக்குள் இருப்பதாலேயே தொல்லை இல்லை என்று முடிவாகிவிடாது.

நாற்றத்தை இப்படி எளிதில் அளக்க முடியாது. ஆகவே திகதி, நேரம், காற்றின் திசை, வீட்டில் எதைச் செய்ய முடியாமல் போனது என்று அன்றன்றே எழுதிய குறிப்பேடும், அயலில் வேறு வீட்டாரின் சாட்சியமும் இங்கே பெறுமதியானவை.

தவறான கதவு

பலர் செய்யும் பிழை, தனிப்பட்ட தொல்லைக்கு நீதவான் நீதிமன்றத்தை நாடுவது. 1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 98ஆம் பிரிவின் கீழ் நீதவான் தொல்லையை அகற்றுமாறு நிபந்தனைக் கட்டளை வழங்கலாம். வேகமான வழிதான். ஆனால் அது பொதுத் தொல்லைக்குரியது. மில்லின் தூசி தெரு முழுவதையும் வாட்டினால் அங்கே இடமுண்டு. ஒரேயொரு வீடு மட்டும் பாதிக்கப்பட்டால் அந்த மனு தோற்கும் வாய்ப்பே அதிகம்.

ஒலிபெருக்கி விடயத்தில் உயர் நீதிமன்றமே பேசியிருக்கிறது. வெலிகமப் பள்ளிவாசல் ஒன்று தொடர்பான ‘அஷிக் எதிர் பந்துல’ அடிப்படை உரிமை வழக்கில், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி அனுமதி வழங்கக்கூடாது என 2007 நவம்பரில் கட்டளையிட்டது. விசேட சமய நிகழ்வுகளுக்கு மட்டும் விலக்குக்கு இடம் வைத்தது. விருப்பமில்லாத ஒருவரைக் கட்டாயக் கேட்பாளராக்க எவருக்கும் உரிமையில்லை என்பதே அதன் அடிப்படை. கோவில், விகாரை, தேவாலயம் அனைத்துக்கும் அது பொருந்தும். இங்கு முறைப்பாடு செல்ல வேண்டிய இடம் பொலிஸ்.

சரியான கதவு

தனிப்பட்ட தொல்லைக்கு மாவட்ட நீதிமன்றமே உரிய இடம். அதற்கு முன் இரண்டு வேலைகள் உண்டு.

முதலாவது, எழுத்தில் முறையிடுவது. அயலவருக்கு ஒரு கடிதம்; பிரதேச சபைக்கும், பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும், மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கும் பிரதிகள். இதனால் தொல்லை தீரலாம். தீராவிட்டால் பரிசோதனை அறிக்கையே பின்னர் சான்றாகும்.

இரண்டாவது, தொழிலின் சுற்றாடல் பாதுகாப்பு உரிமத்தைப் பார்ப்பது. சிறிய தொழில்களுக்கு உள்ளூராட்சி மன்றமும் பெரியவற்றுக்கு அதிகார சபையும் இதை வழங்குகின்றன. 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அதன் பிரதியைக் கேட்கலாம். இயங்கும் நேரம் போன்ற நிபந்தனைகள் அதில் எழுதப்பட்டிருந்து, அவை மீறப்பட்டால் வாதம் வலுக்கும். உரிமம் இருப்பது மட்டும் அயலவரைத் தொல்லைப்படுத்தும் அனுமதியாகாது.

வழக்கில், 1978ஆம் ஆண்டின் நீதித்துறைச் சட்டத்தின் 54ஆம் பிரிவின் கீழ் இடைக்காலத் தடையுத்தரவையும் கோரலாம். மனுவும் சத்தியக்கடதாசியும் அவசியம். வழமையாக எதிராளிக்கு அறிவித்தல் கொடுத்தே இது விசாரிக்கப்படும். காத்திருந்தால் பயனில்லை என்று காட்டினால் மட்டுமே, முதலில் 14 நாட்களுக்கு மேற்படாத தற்காலிகக் கட்டளை கிடைக்கும்.

இங்கே தாமதம் ஆபத்தானது. இரண்டு வருடம் பேசாமல் இருந்தவரிடம், “இன்று என்ன அவசரம்?” என்று நீதிமன்றம் கேட்கும். மில் மூடப்பட்டால் எதிராளிக்கு வரும் நட்டத்தையும் அது நிறுத்துப் பார்க்கும். ஆகவே மூடச் சொல்லிக் கேட்பதைவிட, மாலை 6 மணிக்குப் பின் இயக்கத் தடை, தூசி வெளியேறாமல் அடைப்பு, கோழி எருவைக் குறித்த நாளுக்குள் அகற்றல் என்று குறிப்பாகக் கேட்பது பயன் தரும். அயலவரின் பிழைப்பும் நிற்காது, வீட்டாரின் உறக்கமும் திரும்பும் கட்டளையைக் கொடுப்பது நீதிபதிக்கும் எளிது.