முகவரி முறைகளும் ஆணை வடிவமும்

செயலிக்குத் தரப்படும் ஒவ்வோர் ஆணையும் என்ன செய்வது, எந்தத் தரவின்மீது செய்வது என்ற இரண்டையும் சில பிட்டுகளுக்குள் சொல்லியாக வேண்டும். தரவு இருக்குமிடத்தைச் சுட்டும் வழியே முகவரி முறை. பிட்டுகளைப் பங்கிடும் விதமே ஆணை வடிவம். முதலாவது இரண்டாவதன் நெருக்கடியிலிருந்து வளர்ந்தது என்பதை வரலாறு காட்டுகிறது. இன்றைய மேட்சல்–மல்காஜ்கிரி மாவட்டத்தில் இயங்கும் இ.சி.ஐ.எல். நிறுவனத்தின் தொடக்கக் கணினியான டி.டி.சி.-12, 12 பிட் சொல் கொண்டது. 12 பிட்டுகளால் 4096 இடங்களைச் சுட்டலாம். ஆனால் அவ்வளவையும் முகவரிக்கே கொடுத்துவிட்டால் செயலைக் குறிக்க ஒரு பிட்டும் மிஞ்சாது. இதே அளவுடன் 1965-இல் அமெரிக்காவில் வந்த பி.டி.பி.-8, செயலுக்கு 3 பிட்டும் முகவரிக்கு 7 பிட்டும் ஒதுக்கியது. எஞ்சிய இரண்டில் ஒன்று, 128 சொற்கள் கொண்ட எந்தப் பக்கத்தில் தேடுவது என்று காட்டியது. மற்றொன்று, அங்கே இருப்பது தரவா, தரவின் முகவரியா என்று காட்டியது. மறைமுக முகவரி அங்கே வசதிக்காகச் சேர்க்கப்பட்டதன்று. அது இல்லாமல் நினைவகத்தின் பெரும்பகுதியை எட்டவே முடியாது.

32 பிட் ஆணை வந்தபின் நெருக்கடி தளர்ந்தது. சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கி, 2018-இல் சில்லாகவும் வெளிவந்த சக்தி செயலி, ரிஸ்க்-ஃபைவ் ஆணைத்தொகுதியைப் பின்பற்றுகிறது. நினைவகத்திலிருந்து தரவை ஏற்ற அதன் அடிப்படைத் தொகுதியில் உள்ளது ஒரே வழி: ஒரு ரெஜிஸ்டரின் மதிப்போடு ஒரு சிறு எண்ணைக் கூட்டுவது. `0x00812503` என்ற ஆணையைப் பிரித்தால் இது விளங்கும்.

```
000000001000 00010 010 01010 0000011
lw x10, 8(x2)
```

செயலி முதலில் வலக்கோடி இரு பிட்டுகளைப் பார்க்கிறது. அவை 11 என்பதால் இது முழு நீள ஆணை. கடைசி ஏழு பிட்டுகள் ‘ஏற்று’ என்கின்றன. நடுவிலுள்ள 010 நான்கு பைட் என்கிறது. 01010 தரவு சேரவேண்டிய x10; 00010 அடிப்படை ரெஜிஸ்டரான x2. முதல் 12 பிட்டுகள் தரும் எண் 8. x2-இல் `0x80001000` இருந்தால், `0x80001008`-இலிருந்து தரவு வரும். அந்த 12 பிட் எண் குறியுடையது. −2048 முதல் 2047 வரை செல்லும். குறியை நீட்டிக்க மறந்த வடிவமைப்பில் −4 என்பது 4092 ஆகிவிடும். நேர்மறை எண்களோடு மட்டும் சோதித்தால் இப்பிழை தலைகாட்டாது.

ஒரே வழி என்றால் அணியின் உறுப்பை எடுக்கக் கூடுதல் ஆணைகள் தேவைப்படுமே என்பது நியாயமான ஆட்சேபம். தேவைப்படும்தான். ஆனால் அடிப்படை ரெஜிஸ்டரின் எண் எப்போதும் அதே இடத்தில் இருப்பதால், ஆணை இன்னதென்று முழுதும் அறியுமுன்பே அதைப் படிக்கத் தொடங்கலாம். சிறிய செயலிக்கு இந்த எளிமை பெரிய ஆதாயம். 32 பிட் வீண்செலவு என்ற இரண்டாவது ஆட்சேபம் இன்னும் வலுவானது. அதை ஏற்றே 16 பிட் சுருக்க ஆணைகள் பின்னர் சேர்க்கப்பட்டன. மேலே கண்ட ஆணைக்கும் அப்படியொரு வடிவம் உண்டு: அதில் x2 எழுதப்படுவதே இல்லை, உள்ளுறையாகக் கொள்ளப்படுகிறது, கூட்டும் எண்ணும் 252-க்குள் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். பிட் குறைந்தவுடன் தனி முகவரி முறை திரும்ப வந்துவிட்டது. ஒரு செயலியின் முகவரி முறைகளைப் புரிந்துகொள்ள, அதன் ஆணையில் எத்தனை பிட் என்று முதலில் கேட்பதே சரியான வழி.